தளவரைபுக்கு ஐந்து நிறம் போதும்: நிறுவலை முதன்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

வரைபுக் கோட்பாடு எடுத்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஐந்து நிறத் தேற்றத்தின் நிறுவல் பெரும்பாலான குறிப்புகளில் முக்கால் பக்கத்தில் முடிந்துவிடும். அந்த முக்கால் பக்கத்தில் "அவ்வாறே", "பொதுமை குன்றாமல்" என்று இரண்டு இடத்தில் தாண்டிப் போவார்கள். நான் மாட்டிக்கொண்டு கிடந்ததும் சரியாக அந்த இரண்டு இடத்தில்தான். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவருக்கு இதைத் தொடர வேறு அறிவு எதுவும் தேவையில்லை. கணிதத் தொகுத்தறிவு முறை நினைவில் இருந்தால் சரி.

## 1. எடுத்து வைக்க வேண்டியவை, ஆகும் செலவு, ஆகும் நேரம்

ஒரு பென்சில், நல்ல அழிறப்பர், ஐந்து வண்ணப் பென்சில், கோடில்லாத தாள் நாலைந்து. பிரதேச செயலகப் பிரிவுகளின் எல்லை போட்ட மட்டக்களப்பு மாவட்டப் படம் ஒன்று கிடைத்தால் அதையும் ஒரு போட்டோகொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணப் பென்சில் வீட்டில் இருந்தால் போட்டோகொப்பிக் காசு மட்டும்தான் செலவு.

நேரத்தைப் பிரித்து வையுங்கள். பகுதி 2 முதல் 4 வரை ஒரு பின்னேரத்தில் முடியும். பகுதி 5க்கு இன்னொரு பின்னேரத்தை முழுதாக விடுங்கள். நிறுவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பகுதி 6ஐ அதே நாளில் தொடாதீர்கள். ஐந்து நிறம் கைக்கு வருவதற்கு முன் நான்கு நிறத்துக்குப் போனால் இரண்டும் குழம்பும்.

## 2. படத்தை வரைபாக மாற்றுங்கள்

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். அது உச்சி. இரண்டு பிரிவுகளுக்குப் பொது எல்லை இருந்தால் அந்த இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். அது விளிம்பு. ஒவ்வொரு கோட்டையும் அந்தப் பொது எல்லையின் ஊடாகவே கொண்டுபோனால் எந்த இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டாது. இப்படி வெட்டாமல் தாளில் வரையக்கூடிய வரைபுதான் தளவரைபு. விளிம்பால் இணைந்த இரண்டு உச்சிகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது என்பது ஒன்றே விதி. இந்த விதிப்படி தீட்ட எந்தத் தளவரைபுக்கும் ஐந்து நிறம் போதும் என்பதுதான் நாம் நிறுவப்போகும் தேற்றம்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். காத்தான்குடியை எடுங்கள். வடக்கே மண்முனை வடக்கு, தெற்கே மண்முனைப்பற்று. கிழக்கே கடல், மேற்கே வாவி. ஆகவே காத்தான்குடியின் உச்சியில் இரண்டு விளிம்புதான், அதாவது அதன் படி 2.

இந்தப் பகுதியில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது வாவி. வாவியின் நடுவே எல்லை போகிறது என்று எடுத்தால் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பிரிவுகளுக்கு மேற்கே படுவான்கரையில் புது அயலவர் வந்துவிடுவார்கள். வாவியைத் தனி இடமாக எடுத்தால் அந்த விளிம்புகள் இல்லை. எப்படி எடுத்தாலும் தேற்றம் நிற்கும், ஆனால் வரைபு வேறு. முதலிலேயே ஒன்றைத் தீர்மானித்துத் தாளின் மேலே எழுதிவிடுங்கள். இரண்டாவது, ஒரு புள்ளியில் மட்டும் முட்டிக்கொள்ளும் பிரிவுகள் அயலவர் அல்ல. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு பிரிவு இரண்டு துண்டாகக் கிடந்து இரண்டுக்கும் ஒரே நிறம்தான் தீட்ட வேண்டும் என்றால் இந்தத் தேற்றம் அங்கே செல்லாது. ஒவ்வொரு நாடும் இரண்டு துண்டாக இருக்கலாம் என்று விட்டால் 12 நிறம் தேவைப்படும் படங்களே உண்டு. ஐந்து நிறத் தேற்றமும் நான்கு நிறத் தேற்றமும் ஒவ்வொரு பகுதியும் ஒரே துண்டு என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன.

## 3. படி 5க்கு மேற்படாத உச்சி ஒன்று கட்டாயம் உண்டு என்று காட்டுங்கள்

இது கணக்கு, படம் வேண்டாம். உச்சிகள் V, விளிம்புகள் E, முகங்கள் F என்று வையுங்கள். விளிம்புகள் தாளைப் பிரிக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு முகம். வெளியே உள்ள எல்லையற்ற பகுதியையும் ஒரு முகமாக எண்ண வேண்டும். அதை விட்டால் கணக்கு ஒன்றால் பிழைக்கும். இணைந்த தளவரைபுக்கு ஒயிலரின் சூத்திரம் இது:

```
V - E + F = 2
```

குறைந்தது மூன்று உச்சிகள் இருந்தால் ஒவ்வொரு முகத்தையும் சுற்றிக் குறைந்தது மூன்று விளிம்பு. ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு பக்கம். ஆகவே 3F ≤ 2E. ஒயிலரில் இதைப் போட்டால் E ≤ 3V − 6 வரும். படிகளையெல்லாம் கூட்டினால் 2E, அதாவது 6V − 12க்கு மேல் போகாது. எல்லா உச்சிகளுக்கும் படி 6 அல்லது அதற்கு மேல் என்றால் கூட்டுத்தொகை குறைந்தது 6V ஆக வேண்டும். அது நடக்காது. ஆக, படி 5 அல்லது அதற்குக் குறைந்த உச்சி ஒன்றாவது இருக்கும்.

நம் 14 பிரிவுகளுக்கு இதைப் போட்டால் விளிம்புகள் 36க்கு மேல் வராது. உங்கள் படத்தில் அதற்கு மேல் வந்தால் எங்கேயோ ஒரு விளிம்பை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள், அல்லது புள்ளியில் முட்டுவதை எல்லையாக எடுத்திருக்கிறீர்கள்.

வரைபு இணைந்ததாக இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்து நிறமிடலாம். விடைத்தாளில் இந்த ஒரு வரியை விடாதீர்கள்.

## 4. கழற்றுங்கள், நிறமிடுங்கள், திரும்பப் போடுங்கள்

தொகுத்தறிவு இங்கே வருகிறது. ஐந்து உச்சிக்கு மேற்படாத வரைபில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து முடிக்கலாம். பெரிய வரைபில் படி 5க்கு மேற்படாத உச்சி ஒன்றைக் கழற்றுங்கள். மிச்சம் உள்ளதும் தளவரைபுதான், ஓர் உச்சி குறைவு. அதை ஐந்து நிறத்தில் தீட்டலாம் என்று தொகுத்தறிவு தருகிறது. இனிக் கழற்றியதைத் திரும்பப் போட்டு அதற்கு ஒரு நிறம் தேட வேண்டும்.

கையில் ஆறு நிறம் இருந்தால் இந்த இடத்திலேயே வேலை முடிந்தது. ஐந்து அயலவர் எத்தனை நிறத்தைப் பிடித்தாலும் ஆறாவது ஒன்று மிச்சம். ஆறு நிறத் தேற்றம் இப்படிச் சும்மாவே கிடைத்துவிடும். ஐந்து நிறத்திலும் திரும்பப் போடும் உச்சிக்கு அயலவர் நான்கோ அதற்குக் குறைவோ என்றால் கவலை இல்லை. ஐந்து அயலவரில் இருவருக்கு ஒரே நிறம் என்றாலும் கவலை இல்லை. ஐந்து அயலவரும் ஐந்து வேறு நிறமாக நிற்கும் நிலை ஒன்றுதான் சிக்கல்.

கையால் செய்து பார்ப்பவர்கள் கழற்றிய ஒழுங்கை எழுதி வையுங்கள். கடைசியாகக் கழற்றியதை முதலில் திரும்பப் போட வேண்டும். ஒழுங்கு மாறினால் திரும்பப் போடும் நேரத்தில் ஓர் உச்சிக்கு ஐந்துக்கு மேல் அயலவர் வந்து நிற்கலாம், பிறகு மேலே உள்ள வாதம் எதுவும் பொருந்தாது.

## 5. ஐந்தும் ஐந்து நிறமாக நிற்கும்போது

இதற்கு ஒரு சிறிய வரைபை வைத்திருக்கிறேன். ஒன்பது உச்சி, 19 விளிம்பு. தாளை எடுத்து இப்படி வரையுங்கள். நடுவில் ந. அதைச் சுற்றி ஐங்கோணமாக, மேலே க, அங்கிருந்து மணிக்கூட்டின் போக்கில் ச, ட, த, ப. கவுக்கு மேலே வலப்பக்கம் ம, இடப்பக்கம் ய. அவற்றுக்கும் மேலே ர. ரவிலிருந்து டவுக்குப் போகும் கோடு வலப்பக்கமாகச் சுற்றி வரட்டும், தவுக்குப் போகும் கோடு இடப்பக்கமாகச் சுற்றி வரட்டும். யாருக்கு யார் அயலவர் என்பது கீழே:

```
ந : க ச ட த ப
க : ந ச ம ய ப
ச : ந க ம ட
ட : ந ச ர த
த : ந ட ர ப
ப : ந த ய க
ம : க ச ர ய
ய : க ம ர ப
ர : ம ய த ட
```

வரைந்து முடித்ததும் முகங்களை எண்ணுங்கள். வெளிமுகத்தோடு 12 வர வேண்டும். 9 − 19 + 12 = 2. வராவிட்டால் ஒரு கோடு தவறிப்போயிருக்கிறது.

இப்போது நவைக் கழற்றிவிட்டு மற்றவற்றுக்கு நிறம் போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். க சிவப்பு, ச நீலம், ட மஞ்சள், த பச்சை, ப ஊதா. ம பச்சை, ய மஞ்சள், ர சிவப்பு. எந்த விளிம்பிலும் முட்டல் இல்லை என்று ஒருமுறை சரிபாருங்கள். நவுக்கு ஐந்து பக்கமும் ஐந்து நிறம், போட ஒன்றும் மிச்சமில்லை.

உத்தி இதுதான். இரண்டு நிறத்தை மட்டும் எடுங்கள், சிவப்பும் மஞ்சளும் என்று வைப்போம். கவில் தொடங்கி சிவப்பு மஞ்சள் உச்சிகளை மட்டும் மிதித்துப் போகக்கூடிய இடமெல்லாம் போங்கள். எல்லாக் கிளையும் சேர்ந்த அந்தக் கூட்டத்தைச் சங்கிலி என்போம். அதற்குள் சிவப்பை மஞ்சளாகவும் மஞ்சளைச் சிவப்பாகவும் மாற்றினால் நிறமிடல் கெடாது. சங்கிலிக்குள் இருக்கும் அயலவர் இருவரும் சேர்ந்து மாறுகிறார்கள். சங்கிலிக்கு வெளியே இருக்கும் அயலவர் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்க முடியாது, இருந்தால் அவரும் சங்கிலிக்குள் வந்திருப்பார். ஆகவே முட்டல் எங்கும் இல்லை.

கவின் சங்கிலி டவை எட்டவில்லை என்றால் அதை மாற்றிவிடலாம். க மஞ்சளாகும், ட மஞ்சளாகவே இருக்கும், நவுக்குச் சிவப்பு கிடைக்கும். ஆனால் நம் படத்தில் பாருங்கள்: க சிவப்பு, ய மஞ்சள், ர சிவப்பு, ட மஞ்சள். சங்கிலி டவை எட்டிவிட்டது. இதை மாற்றினால் க மஞ்சள், ட சிவப்பு. இரண்டு நிறமும் நவின் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒரு பயனும் இல்லை.

நிறுவல் திரும்பும் இடம் இது. க, ய, ர, ட என்று போய் ந வழியாகத் திரும்பி வரும் வளையத்தைப் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். அந்த வளையத்துக்கு உள்ளே ச இருக்கிறது, வெளியே த இருக்கிறது. நீலமும் பச்சையும் மட்டும் மிதித்து சவிலிருந்து தவுக்குப் போக வேண்டுமானால் வளையத்தைக் கடக்க வேண்டும். வளையத்தில் இருப்பவை சிவப்பும் மஞ்சளும், இன்னும் நிறமிடாத நவும் மட்டும். விளிம்புகள் வெட்டாது. ஆகவே கடக்க வழியே இல்லை. சவின் நீலப் பச்சைச் சங்கிலி தவை எட்டவே எட்டாது, அதைத் துணிந்து மாற்றலாம்.

நம் படத்தில் அந்தச் சங்கிலி சவும் மவும் மட்டும். மாற்றினால் ச பச்சை, ம நீலம். மவின் அயலவரைப் பாருங்கள்: க சிவப்பு, ச பச்சை, ர சிவப்பு, ய மஞ்சள். முட்டல் இல்லை. நவைச் சுற்றி இப்போது சிவப்பு, பச்சை, மஞ்சள், பச்சை, ஊதா. நீலம் விடுபட்டுவிட்டது, நவுக்கு நீலம். நிறுவல் முடிந்தது.

எழுதும்போது விழும் பிழைகள் இரண்டு. சவை மட்டும் பச்சையாக்கிவிட்டு மவை மறப்பது ஒன்று. மவும் பச்சை என்பதால் உடனே முட்டும். அயலவரை ஒழுங்கில்லாமல் பெயரிடுவது மற்றது. க, ட என்ற சோடியும் ச, த என்ற சோடியும் நவைச் சுற்றி ஒன்றுவிட்டு ஒன்றாக வர வேண்டும். கவையும் சவையும் முதல் சோடியாக எடுத்தால் வளையம் யாரையும் பிரிக்காமல் போகலாம். "நவின் அயலவரை மணிக்கூட்டின் போக்கில் எடுப்போம்" என்ற ஒரு வரி விடைத்தாளில் இல்லாவிட்டால் வாதம் நிற்காது.

வளையம் உள்ளே வெளியே என்று பிரிக்கும் என்பதுதான் தளம் என்ற நிபந்தனையை இரண்டாவது முறை பயன்படுத்தும் இடம். முதல் முறை ஒயிலரில். நடுவில் ஓட்டை உள்ள உளுந்து வடையின் மேற்பரப்பில் வரைந்தால் ஓட்டையைச் சுற்றிப் போகும் வளையம் எதையும் பிரிக்காது. அங்கே 7 நிறம் தேவைப்படும் படம் இருக்கிறது.

## 6. அதே வழியில் நான்கு நிறத்துக்குப் போனால் எங்கே உடைகிறது

இனி ஊதாப் பென்சிலை வைத்துவிடுங்கள். நான்கு நிறம்தான். அயலவர் நான்கு என்றால் பகுதி 5இன் வாதம் அப்படியே ஓடும், ஒரு சொல் மாற்றத் தேவையில்லை. ஆனால் எல்லா உச்சிக்கும் படி 5 ஆக இருக்கும் தளவரைபு உண்டு: 12 ஐங்கோண முகம் கொண்ட பன்னிரண்டுமுகியின் முகங்களை உச்சிகளாக எடுத்தால் வருவது. ஆகவே படி 5 உள்ள உச்சியையும் சமாளித்தே ஆக வேண்டும்.

அதே ஒன்பது உச்சிப் படத்தில் பவை மட்டும் நீலமாக்குங்கள். மற்றதெல்லாம் முன்போல. முட்டல் இல்லை. நவைச் சுற்றி சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, நீலம். நவுக்கு நீலம் கிடைக்க வேண்டுமானால் ச, ப இரண்டையும் நீலத்திலிருந்து விலக்க வேண்டும்.

இப்போது இரண்டு வளையம் இருக்கிறது. க, ய, ர, ட என்ற சிவப்பு மஞ்சள் வளையம் சவைத் தவிடமிருந்து பிரிக்கிறது. க, ம, ர, த என்ற சிவப்பு பச்சை வளையம் பவை டவிடமிருந்து பிரிக்கிறது. ஆகவே சவின் நீலப் பச்சைச் சங்கிலியை மாற்றலாம்: ச பச்சை, ம நீலம். பவின் நீல மஞ்சள் சங்கிலியை மாற்றலாம்: ப மஞ்சள், ய நீலம். நவுக்கு நீலம். எல்லாம் சரிபோலத் தெரியும்.

மவையும் யவையும் பாருங்கள். இரண்டும் அயலவர், இரண்டும் இப்போது நீலம்.

தனித்தனியாக எடுத்தால் இரண்டு மாற்றமும் சரி. சேர்த்துச் செய்தால் பிழை. இரண்டு வளையமும் ரவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. முதல் மாற்றம் மவை நீலமாக்கியதும் பவைக் காத்துக்கொண்டிருந்த சிவப்பு பச்சை வளையம் அறுந்துபோகிறது. இரண்டாவது மாற்றத்துக்கு நாம் சொன்ன காரணம் அந்த நேரத்தில் உயிரோடு இல்லை. ஐந்து நிறத்தில் ஒரு மாற்றத்தோடு வேலை முடிந்தது, அதனால் இந்தப் பிரச்சினையே வரவில்லை.

கெம்பே 1879இல் வெளியிட்ட நான்கு நிற நிறுவலில் இருந்த ஓட்டை இதுதான். 1890இல் ஹீவுட் அதைச் சுட்டிக்காட்டினார், அந்த உடைந்த நிறுவலிலிருந்தே ஐந்து நிறத் தேற்றத்தையும் மீட்டெடுத்தார். விடைத்தாளில் நான்கு நிறத்துக்கு இப்படி ஒரு நிறுவலை எழுதிவிட்டால் திருத்துபவர் முதலில் தேடுவது இந்த இரட்டை மாற்றத்தைத்தான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உடைந்தது முறைதான். இந்தப் படத்துக்கு நான்கு நிறம் போதும்: க, ட சிவப்பு, ச, த, ய நீலம், ப, ம பச்சை, ந, ர மஞ்சள். அயலவர் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இதற்குப் போக முன்னைய நிறங்களில் பலவற்றை அடியோடு மாற்ற வேண்டியிருக்கிறது. ஓரிரு சங்கிலியைப் புரட்டி எப்போதும் போய்ச் சேரலாம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

## 7. நான்கு நிறத் தேற்றம் மேலதிகமாகத் தருவது

முதலாவது, சரியான எல்லை. நவும் அதைச் சுற்றிய ஐங்கோணமும் மட்டும் எடுங்கள். ஐங்கோணத்தை இரண்டு நிறத்தில் தீட்ட முடியாது, மூன்று வேண்டும். எல்லாவற்றையும் தொடும் நவுக்கு நான்காவது. ஆகவே மூன்று எல்லாத் தளவரைபுக்கும் போதாது. ஐந்து நிறத் தேற்றத்தோடு நின்றால் விடை நான்கா ஐந்தா என்ற கேள்வி திறந்தே கிடக்கும். நான்கு நிறத் தேற்றம் அதை மூடுகிறது.

இரண்டாவது, விலை. அப்பெல், ஹாக்கென் இருவரும் 1976இல் கணினியின் துணையோடு இதை நிறுவினார்கள். பகுதி 3இல் நமக்கு "படி 5க்கு மேற்படாத ஓர் உச்சி" என்ற ஒரே அமைப்பு போதுமாக இருந்தது. அவர்கள் அந்த இடத்தில் அமைப்புகளின் நீண்ட பட்டியலை வைத்தார்கள். பட்டியலில் ஒன்றாவது எந்த வரைபிலும் வந்தே தீரும், வந்த ஒவ்வொன்றையும் கழற்றித் திரும்பப் போடலாம் என்று காட்டினார்கள். எலும்புக்கூடு நம் நிறுவலின் அதே எலும்புக்கூடு. பிறகு ரொபர்ட்சன், சாண்டர்ஸ், சீமூர், தோமஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட நிறுவலில் பட்டியல் 633 ஆகக் குறைந்தது. 2005இல் கொந்தியே முழு நிறுவலையும் நிறுவல் சரிபார்க்கும் மென்பொருளில் எழுதிச் சரிபார்த்தார். அப்படியும் ஒரு மனிதர் பேனையும் கொப்பியுமாக உட்கார்ந்து முழுவதையும் சரிபார்க்கும் நிலை இல்லை.

"ஐந்து நிறம் போதும் என்று நிறுவுக" என்று கேள்வி வந்தால் "நான்கு நிறத் தேற்றத்தின்படி" என்று ஒரு வரி எழுதுவது தருக்கத்தில் பிழையில்லை. ஆனால் கேள்வி சோதிக்க வந்தது சங்கிலி மாற்றத்தை, அது இல்லாமல் புள்ளி வராது. மாறாக "எத்தனை நிறம் போதும்" என்று மட்டும் கேட்டால் நான்கு என்று எழுதித் தேற்றத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள்.

படங்களுக்கு நிறமிட நிரல் எழுதுபவர்கள் இதையும் தெரிந்து வைத்திருங்கள். ஐந்து நிறத்தில் தீட்ட, உச்சிகளின் எண்ணிக்கை n க்கு விகிதசமமான நேரத்தில் முடியும் வழிமுறைகள் உண்டு. 1997ஆம் ஆண்டு நிறுவலிலிருந்து கிடைக்கும் நான்கு நிற வழிமுறைக்கு n² அளவில் நேரம் ஆகும், 633 அமைப்புகளின் பட்டியலையும் நிரலுக்குள் வைத்திருக்க வேண்டும். 14 பிரிவு உள்ள மாவட்டப் படத்துக்கு இரண்டும் தேவையில்லை. பென்சிலால் தீட்டி, முட்டினால் அழித்துத் திருப்பிப் போட்டாலே நான்கு நிறத்தில் முடித்துவிடலாம்.